எந்த சீலிங் ஃபேன் வாங்கலாம்: சாதாரணமா, பி.எல்.டி.சி.யா?

சீலிங் ஃபேன் வாங்கக் கடைக்குப் போனால் இப்போது இரண்டு வகையைக் காட்டுகிறார்கள். ஒன்று, சுவரில் ரெகுலேட்டர் வைத்துத் திருப்பும் சாதாரண ஃபேன். இன்னொன்று, ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேன். முதலாவது 1,800 ரூபாய் என்றால் இரண்டாவது 3,000 ரூபாயை ஒட்டி இருக்கும். கூடுதலாகக் கொடுக்கும் அந்த 1,200 ரூபாய் எந்த அறையில் திரும்பி வரும், எந்த அறையில் வரவே வராது என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கரண்ட் செலவு, காற்று, லோ வோல்டேஜிலும் இன்வெர்ட்டரிலும் ஓடும் விதம், ரிப்பேர், கையாளும் வசதி ஆகிய ஐந்தையும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறேன். வீடுகளில் பெரும்பாலும் மாட்டுவது 48 அங்குல ஃபேன், அதாவது 1200 மில்லிமீட்டர். இங்கே சொல்வதெல்லாம் அந்த அளவுக்குத்தான்.

1. இரண்டு மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம்

சாதாரண ஃபேனின் நடுவில் அசையாமல் இருக்கும் காயிலுக்குக் கரண்ட் போகிறது. அதைச் சுற்றி ஓடும் பகுதியில் காந்தம் கிடையாது. காயில் உண்டாக்கும் காந்தப்புலம் அந்தப் பகுதியிலும் கரண்ட்டைத் தூண்டி, அதையும் காந்தமாக்கித்தான் சுற்ற வைக்கிறது. இப்படி இரண்டு இடத்தில் கரண்ட் ஓடுவதால், உள்ளே போகும் மின்சாரத்தில் நல்ல பங்கு வெறும் சூடாகிப் போகிறது. பல மணி நேரம் ஓடிய பழைய ஃபேனை நிறுத்திவிட்டு மோட்டாரின் மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் பில் கட்டுகிறோம்.

பி.எல்.டி.சி. ஃபேனில் சுற்றும் பகுதியிலேயே நிரந்தரக் காந்தங்களைப் பதித்துவிடுகிறார்கள். அங்கே கரண்ட்டைத் தூண்ட வேண்டிய தேவையே இல்லை. வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தை ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு டி.சி.யாக மாற்றி, காயில்களுக்கு மாற்றி மாற்றி அனுப்புகிறது. மின்சாரம் மிச்சமாவதற்குக் காந்தமும் இந்தப் போர்டும்தான் காரணம். பிறகு தலைவலி வந்தால் அதுவும் பெரும்பாலும் இந்தப் போர்டிலிருந்துதான் வரும்.

2. விளம்பரத்தில் சொல்லும் 75 வாட் எந்த ஃபேன்?

"சாதாரண ஃபேன் 75 வாட், எங்கள் ஃபேன் 28 வாட்" என்று பெட்டி மேலேயே அச்சடித்திருப்பார்கள். இதில் பொய் இல்லை, ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. 75 வாட் என்பது உங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேன். இன்று கடையில் புதிதாக வாங்கும் சாதாரண ஃபேன் அவ்வளவு எடுக்காது.

2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயமானது. ஒரு வாட் மின்சாரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பதை வைத்து அந்த ஸ்டாரைத் தருகிறார்கள். முத்திரை கட்டாயமானபோது வைத்த அளவுகோலின்படி, 48 அங்குல ஃபேன் 1 ஸ்டார் வாங்கவே அந்த எண் 4 இருக்க வேண்டும். 5 ஸ்டாருக்கு 6 வேண்டும். நிமிடத்துக்கு 210 கன மீட்டர் காற்று தரும் 1 ஸ்டார் ஃபேனை எடுத்துக்கொண்டால், 210ஐ 4ஆல் வகுக்க 52 வாட் சொச்சம் வருகிறது. அதற்கு மேல் எடுத்தால் ஸ்டாரே கிடைக்காது. ஆகவே புதிய சாதாரண ஃபேன் ஏறக்குறைய 52 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் ஏறக்குறைய 30 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனவே இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு பி.எல்.டி.சி. மாட்டினால் 45 வாட் மிச்சம்; ஆனால் முழு விலை 3,000 ரூபாயும் கையைவிட்டுப் போகிறது. எப்படியும் ஒரு புது ஃபேன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் மிச்சம் 22 வாட்தான். ஆனால் கூடுதல் செலவும் 1,200 ரூபாய்தான். கடையில் இந்த இரண்டையும் கலந்து, 45 வாட் மிச்சத்தை 1,200 ரூபாய் வித்தியாசத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

3. உங்கள் பழைய ஃபேன் எவ்வளவு எடுக்கிறது என்று நீங்களே அளக்கலாம்

இதற்குத் தனிக் கருவி வேண்டாம். வீட்டு இ.பி. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்கும். அதன் பக்கத்தில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரு யூனிட் ஓடி முடிய அந்த விளக்கு 3,200 முறை மினுங்க வேண்டும் என்று பொருள்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டரின் சார்ஜ், வைஃபை பெட்டி, டிவியின் பிளக் வரைக்கும் எடுத்துவிட வேண்டும். எல்லாம் அணைந்த பிறகு விளக்கு மினுங்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அளக்க வேண்டிய ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். 15 நிமிடத்தில் எத்தனை முறை மினுங்குகிறது என்று எண்ணுங்கள். 3,200 என்று போட்ட மீட்டராக இருந்தால் அந்த எண்ணிக்கையை 1.25ஆல் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். 60 முறை மினுங்கினால் 75 வாட். 24 முறை என்றால் 30 வாட். மீட்டரில் வேறு எண் போட்டிருந்தால், 15 நிமிட எண்ணிக்கையை 4,000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

புதிதாக வாங்கிய பி.எல்.டி.சி. ஃபேனையும் மாட்டிய அன்றே இப்படி அளந்துவிடுவது நல்லது. பெட்டியில் 30 என்று இருந்து, மீட்டர் 45 காட்டினால் வாரண்டி அட்டையோடு கடைக்குப் போய்க் கேட்கலாம்.

4. கரண்ட் செலவைக் கணக்கிடும் சுருக்கு வழி

நம் ஊரில் வருடம் முழுக்க ஃபேன் ஓடினாலும் மார்கழி, தை மாத இரவுகளிலும் விடாமல் மழை பெய்யும் நாட்களிலும் அதை நிறுத்தி வைக்கிறோம். வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் கணக்கு எளிதாகிறது. ஒரு வாட் மிச்சமாகி, அது தினமும் 10 மணி நேரம் மிச்சமானால், வருடத்துக்கு 3 யூனிட். 22 வாட் மிச்சம் என்றால் 66 யூனிட். 45 வாட் என்றால் 135 யூனிட். உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் ஓடுகிறதோ அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு முழு வேகத்துக்கு உரியது. வேகத்தைக் குறைத்து ஓட்டினாலும் மிச்சம் அதிகம் மாறுவதில்லை. நடு வேகத்தில் பி.எல்.டி.சி. 12 வாட் அளவுக்கு இறங்கிவிடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஓடும் சாதாரண ஃபேன் அப்போதும் முப்பது வாட்டுக்கு மேல்தான் நிற்கும். சுவரில் இன்னும் அந்தப் பழைய, பெரிய டப்பா ரெகுலேட்டர் இருக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். வேகத்தைக் குறைக்கும்போது அது மின்சாரத்தைச் சூடாக மாற்றித் தன்னிடமே எரித்துவிடுகிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் அதே அளவுக்கு பில் குறைவதில்லை.

அடுத்தது ஒரு யூனிட்டின் விலை. இதில் பலரும் மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து சராசரி எடுக்கிறார்கள். அது சரிவராது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள்; ஆரம்ப யூனிட்டுகள் இலவசம்; பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலை படிப்படியாக ஏறுகிறது. நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட் அடிப்படியிலிருந்து கழிவதில்லை, உச்சிப்படியிலிருந்துதான் கழிகிறது. ஆகவே பில்லில் கடைசிப் படியில் என்ன விலை போட்டிருக்கிறதோ அதைத்தான் பெருக்க வேண்டும். ஏ.சி. ஓடி உச்சிப்படிக்கு ஏறிவிடும் வீட்டுக்கு ஒவ்வொரு யூனிட்டும் பெரிய காசு. இலவச யூனிட்டுகளுக்குள்ளேயே பயன்பாடு முடிந்துவிடும் வீட்டுக்கு பி.எல்.டி.சி.யால் பில்லில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அந்த வீட்டில் இன்வெர்ட்டரும் இல்லை, லோ வோல்டேஜ் தொல்லையும் இல்லை என்றால் யோசிக்காமல் சாதாரண ஃபேனையே வாங்கிவிடலாம்.

5. காற்று எதில் அதிகம்?

காற்றின் அளவை றெக்கையின் நீளமும் சாய்வும் சுற்றும் வேகமும்தான் தீர்மானிக்கின்றன. இரண்டு வகையிலும் நல்ல காற்று தருவதும் உண்டு, மந்தமானதும் உண்டு. பெட்டியில் CMM என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் என்பது அதுதான். 220க்கு மேல் இருந்தால் ஹாலுக்குத் தாராளமாகப் போதும். 26 வாட், 24 வாட் என்று வாட்டை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சில ஃபேன்களில் இந்த எண் இறங்கியிருக்கும். காற்றைக் குறைத்துவிட்டுக் கரண்ட்டை மிச்சம் பிடிப்பதில் என்ன பயன்? இரண்டு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

6. லோ வோல்டேஜும் இன்வெர்ட்டரும்

பி.எல்.டி.சி. ஃபேன் சந்தேகமில்லாமல் ஜெயிக்கும் இடம் இதுதான். கோடை இரவில் தெருவிலுள்ள எல்லா ஏ.சி.யும் ஒன்றாக ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் வீடுகளில் வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் சாதாரண ஃபேன் ஐந்தில் வைத்தும் மூன்றில் ஓடுவது போல ஓடும். பி.எல்.டி.சி.யில் வரும் வோல்டேஜ் எதுவானாலும் போர்டு அதைச் சீராக்கித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது. பெட்டியில் போட்டிருக்கும் வரம்புக்குள் இருக்கும்வரை வேகம் மாறாது. கிராமத்திலும் நகரத்தின் ஓரப் பகுதிகளிலும் இருப்பவர்களுக்கு, பில் மிச்சத்தைவிட இந்த ஒரு குணத்துக்காகவே இதைச் சொல்வேன்.

இன்வெர்ட்டர் கணக்கையும் பார்ப்போம். வீடுகளில் பரவலாக இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. பேட்டரியை முழுக்க வற்ற விடக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். ஆகவே கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,000 வாட்-மணி என்று வைப்போம். 75 வாட் பழைய ஃபேன் மூன்று ஓடினால் நான்கரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். 52 வாட் புதிய சாதாரண ஃபேன் மூன்று என்றால் ஆறு மணி நேரம். 30 வாட் பி.எல்.டி.சி. மூன்று என்றால் பதினொரு மணி நேரம் வரை தாங்கும். இரவு பதினொரு மணிக்குப் போன கரண்ட் விடியும்வரை வராத ஊர்களில், கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் பெரியவரோ இருக்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று விளக்க வேண்டியதில்லை. புயல் நாட்களைச் சந்தித்த கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

விலை குறைந்த, சதுர அலை இன்வெர்ட்டரில் சாதாரண ஃபேன் 'ம்ம்ம்' என்று உறுமும். பி.எல்.டி.சி.யில் பெரும்பாலும் அந்தச் சத்தம் வராது.

7. ரிப்பேர்: வாங்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டியது இதைத்தான்

சாதாரண ஃபேனில் கெட்டுப்போக மூன்றே பொருள்கள்தான் உண்டு. முழு வேகத்தில் வைத்தும் மெதுவாகச் சுற்றினால், அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் ஓட ஆரம்பித்தால், கண்டன்சர் போய்விட்டது. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், பத்து நிமிட வேலை. கரகரவென்று சத்தம் போட்டால் பேரிங். கருகிய வாடை வந்தால் காயில். அதையும் ரீவைண்டிங் கடையில் புதிதாகச் சுற்றித் தந்துவிடுவார்கள். எந்தச் சின்ன ஊரிலும் இதற்கு ஆள் இருக்கிறார். இருபது வருடம் ஓடிய ஃபேன்கள் இன்னும் வீடுகளில் தொங்குவதற்கு இதுதான் காரணம்.

பி.எல்.டி.சி.யில் பேரிங் அதேதான்; காயில் கருகுவது குறைவு, ஏனென்றால் சூடு குறைவு. ஆனால் போர்டு இருக்கிறது. இடி மின்னல் நாட்களிலும், கரண்ட் போய்ப் போய் வரும்போதும், தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் அதிக வோல்டேஜ் பாயும்போதும் முதலில் பலியாவது அதுதான். சுவிட்சில் கரண்ட் இருந்தும் ஃபேன் அசையாமல் இருந்தாலோ, இப்படியும் அப்படியுமாக உதறிவிட்டு நின்றுவிட்டாலோ பெரும்பாலும் போர்டு கோளாறு. ஓட ஆரம்பிக்கும்போது இரண்டு மூன்று விநாடி தயங்குவதும், லேசாகப் பின்பக்கம் அசைந்துவிட்டு முன்பக்கம் சுற்றுவதும் இந்த மோட்டாரின் இயல்பு. அதைப் பழுது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு கம்பெனியின் போர்டு இன்னொரு கம்பெனி ஃபேனுக்குப் பொருந்தாது. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். வாரண்டி முடிந்த பிறகு மாற்ற ஆயிரம் ரூபாய் வரை ஆகலாம். அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டால் போர்டு கிடைப்பதும் சிரமம். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று சொல்லிக் கடைகளில் விற்கும் போர்டுகளைப் போட்டு ஓட வைக்கும் மெக்கானிக்குகள் இப்போது இருக்கிறார்கள். ஆனால் வேகமும் வாட்டும் பழையபடி இருக்கும் என்று நம்பிவிட முடியாது. போட்ட பிறகு மீட்டர் விளக்கை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். போர்டுக்கும் அதே வாரண்டியா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, சர்வீஸ் சென்டர் நம் ஊரிலா பக்கத்து மாவட்டத்திலா என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபேனைக் கழற்றி, பஸ்ஸில் எடுத்துப்போய், இரண்டு வாரம் கழித்து வாங்கிவர வேண்டிய ஊரில் இருப்பவர்கள், கையிருப்பாக ஒரு சாதாரண ஃபேனையாவது வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

8. ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து நீக்க மறக்காதீர்கள்

பி.எல்.டி.சி.க்கு வேகத்தை மாற்றுவது ரிமோட். சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் வழியாக அதற்குக் கரண்ட் போகக் கூடாது. போனால் போர்டு சீக்கிரம் கெடும், வாரண்டியும் கைவிட்டுப் போகலாம். "ஐந்தில் வைத்துவிட்டால் போதும்" என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், ரெகுலேட்டரை விலக்கி, ஒயரை நேராக சுவிட்சோடு இணைக்கச் சொல்லுங்கள். வாடகை வீடாக இருந்தால் கழற்றிய ரெகுலேட்டரைப் பத்திரமாக வையுங்கள். வீடு மாறும்போது உங்கள் ஃபேனை எடுத்துக்கொண்டு, பழையபடி மாட்டிக் கொடுத்துவிடலாம்.

ரிமோட் தொலைந்தால் சுவிட்சைப் போட்டு அணைத்தாவது ஃபேனை ஓட்ட முடியுமா, கரண்ட் போய் வந்த பிறகு முன்பிருந்த வேகத்திலேயே ஓடுமா என்று கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஹாலில் ஒரே கம்பெனியின் இரண்டு ஃபேன் மாட்டினால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் சேர்ந்து அடங்கக்கூடும். சிலருக்கு அது வசதி, சிலருக்குத் தொல்லை. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு ரிமோட் ஒரு வரம். கண் பார்வை மங்கிய, பொத்தான்களோடு பழகாத பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், கைப்பழக்கத்தில் திருப்பும் ரெகுலேட்டர்தான் நல்லது. ரிமோட்டில் அணைத்தாலும் போர்டு மிகக் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போகும்போதும் இடி இடிக்கும்போதும் சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிடுங்கள்.

9. ஒரு வீட்டின் கணக்கு

திருச்சியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பில்லின் கடைசிப் படியில் யூனிட் 6 ரூபாய் என்று வைப்போம். பி.எல்.டி.சி. விலை 3,000, பழையதைக் கழற்றிப் புதிதாக மாட்டும் கூலி 200.

ஹாலில் பழைய 75 வாட் ஃபேன், நன்றாகத்தான் ஓடுகிறது, தினம் 14 மணி நேரம். அதை மாற்றினால் 45 வாட் மிச்சம். வருடத்துக்கு 189 யூனிட், அதாவது 1,134 ரூபாய். போட்ட 3,200 ரூபாய் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடுகிறது. நடுவில் ஒருமுறை ஆயிரம் ரூபாய் கொடுத்து போர்டு மாற்ற நேர்ந்தாலும் நான்கு வருடத்துக்குள் முதல் வந்துவிடும். இங்கே மாற்றிவிடலாம்.

பெரியவர்கள் படுக்கும் அறையில் ஃபேன் காயில் கருகிவிட்டது, புதிது வாங்கித்தான் ஆக வேண்டும். தினம் 9 மணி நேரம். புதிய சாதாரண ஃபேனோடு ஒப்பிட்டால் 22 வாட் மிச்சம். வருடத்துக்கு 59 யூனிட், சுமார் 355 ரூபாய். மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் 1,200 ரூபாய் வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும். அது மூன்றரை வருடத்தில் ஈடாகும். ஆனால் இங்கே ஒருமுறை போர்டு மாற்ற நேர்ந்தால் ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். பணத்தை மட்டும் பார்த்தால் இது சமநிலைதான். இன்வெர்ட்டர் இருக்கும் வீடு, இரவில் எழாமல் வேகத்தைக் குறைக்கும் வசதி என்ற இரண்டையும் சேர்த்தால் தராசு பி.எல்.டி.சி. பக்கம் சாய்கிறது.

பிள்ளைகள் அறையிலும் 9 மணி நேரம்தான், ஆனால் அங்கே பழைய ஃபேன் நன்றாக ஓடுகிறது. மாற்றினால் வருடத்துக்குச் சுமார் 730 ரூபாய் மிச்சம், செலவு 3,200. நாலரை வருடம் ஆகும். அவசரப்பட வேண்டாம். அது பேரிங் சத்தம் போடும் அன்று மாற்றிக்கொள்ளலாம்.

சமையலறைக்குப் புதிதாக ஒன்று வேண்டும், தினம் இரண்டு மணி நேரம் ஓடும். 22 வாட் மிச்சத்தில் வருடத்துக்கு 13 யூனிட், 80 ரூபாய்கூட இல்லை. 1,200 ரூபாய் திரும்ப வர 15 வருடம். போதாததற்கு, தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் போர்டுக்கு ஆகாது. அங்கே சாதாரண ஃபேன்தான்.

10. கடைசியில் எதை வாங்குவது?

தினமும் 8 மணி நேரத்துக்கு மேல் ஓடும் அறைக்குப் புது ஃபேன் தேவைப்பட்டால் பி.எல்.டி.சி. வாங்குங்கள். 5 ஸ்டார், CMM 220க்கு மேல், போர்டுக்கும் சேர்த்து வாரண்டி, ஊருக்குள் சர்வீஸ் என்ற நான்கும் இருக்க வேண்டும். நாலாவது இல்லையென்றால் வேறு கம்பெனியைப் பாருங்கள். எந்தக் கம்பெனிக்கும் ஊரில் சர்வீஸ் இல்லையென்றால் சாதாரண ஃபேனையே வாங்குங்கள். லோ வோல்டேஜோ நீண்ட மின்வெட்டோ இருக்கும் வீடு என்றால் 8 மணி நேரக் கணக்கைக்கூடப் பார்க்க வேண்டாம், படுக்கையறைக்கு பி.எல்.டி.சி.தான்.

சமையலறை, பூஜை அறை, விருந்தினர் அறை போல எப்போதாவது ஓடும் இடங்களுக்கும், பில்லே வராத வீடுகளுக்கும் ஸ்டார் முத்திரையுள்ள சாதாரண ஃபேன் போதும். நன்றாக ஓடும் பழைய ஃபேனை, அது தினம் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மட்டும் இப்போதே கழற்றுங்கள். மற்றவை பழுதாகும்வரை ஓடட்டும்.

எதை வாங்கினாலும், ஃபேனின் சீரியல் எண்ணையும் மாடல் பெயரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன்பு மோட்டாரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாலு வருடம் கழித்து போர்டு கேட்டுப் போகும்போது சர்வீஸ் ஆள் முதலில் கேட்பது அந்த மாடல் எண்ணைத்தான். அதற்குள் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் தூசியில் அழிந்திருக்கும்.